முடிவிலி வரை போகும் தொகையீடுகள்: ஒருங்குமா, விரியுமா, மதிப்பு எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல் எல்லையில ∞ இருந்தா, சாதாரணக் கணக்கு மாதிரியே ∞-ஐப் போட்டுக் கழிச்சிட்டா போதாதா?

சில கணக்குகளில் சரியான விடை வந்துவிடும். அதனாலேயே இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, பிறகு ஒரு கணக்கில் காலை வாருகிறது. ∞ என்பது சார்புக்குள் போடக்கூடிய எண் இல்லை. ∫₁^∞ f(x) dx என்று எழுதுவதற்கு வரையறையே இதுதான்: முதலில் b என்று ஒரு சாதாரண எண்ணை எடுத்துக்கொண்டு 1-இலிருந்து b வரை தொகையிடு, வந்த விடை b-ஐச் சார்ந்த ஒரு சார்பாக இருக்கும், அப்புறம் b-ஐ எல்லையில்லாமல் வளரவிட்டு அந்தச் சார்பு எங்கே போகிறது என்று பார்.

∫₁^∞ f(x) dx = lim (b→∞) ∫₁^b f(x) dx

அந்த எல்லை மதிப்பு ஒரு திட்டமான எண்ணாக வந்தால் தொகையீடு ஒருங்குகிறது, அந்த எண்தான் அதன் மதிப்பு. வராவிட்டால் விரிகிறது, மதிப்பு என்று ஒன்று கிடையாது.

f(x) = 1/x² எடுத்துக்கொள்வோம். தொகையிட்டால் −1/x. 1-இலிருந்து b வரை போட்டால் 1 − 1/b. b = 10 என்றால் 0.9, b = 100 என்றால் 0.99, b = 1000 என்றால் 0.999. பரப்பு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் 1-ஐத் தாண்டுவதே இல்லை, 1-க்கு எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் போகிறது. எல்லை மதிப்பு 1. ஆக ∫₁^∞ dx/x² = 1. கணக்கு இவ்வளவுதான். கீழே வருகிற எல்லாமே இந்த இரண்டு படிகளைப் பிரிக்காமல் அவசரப்படும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றியதுதான்.

1/x-உம் பூஜ்யத்துக்குத்தான் போகுது. படத்துல பார்த்தா 1/x² மாதிரியேதான் இருக்கு. அதோட பரப்பு மட்டும் எப்படி முடிவிலி ஆகுது?

படத்தை நம்ப முடியாத இடம் இது. 1/x-ஐ 1-இலிருந்து b வரை தொகையிட்டால் ln b. b வளர வளர ln b-உம் எந்த வரம்பும் இல்லாமல் வளர்கிறது, எனவே விரிகிறது. இது நிரூபணம். ஆனால் "ஏன்" என்ற உறுத்தல் இதில் தீராது, ஆகவே வேறு மாதிரி பார்க்கலாம்.

x-அச்சை 1-இலிருந்து 2 வரை, 2-இலிருந்து 4 வரை, 4-இலிருந்து 8 வரை என்று ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிற துண்டுகளாக வெட்டுங்கள். n-இலிருந்து 2n வரை 1/x-இன் பரப்பு ln 2n − ln n, அதாவது ln 2, ஏறத்தாழ 0.693. n எதுவாக இருந்தாலும் இதே 0.693-தான். துண்டின் உயரம் பாதியாகும்போது அகலம் இரு மடங்காகிறது, இரண்டும் சரியாக ஈடாகிவிடுகிறது. எவ்வளவு தூரம் போனாலும் அடுத்த துண்டு இன்னொரு 0.693-ஐக் கொண்டுவந்து சேர்க்கும், துண்டுகளோ தீரவே தீராது.

1/x²-க்கு இதையே செய்து பாருங்கள். n-இலிருந்து 2n வரை பரப்பு 1/n − 1/(2n) = 1/(2n). முதல் துண்டு 1/2, அடுத்தது 1/4, அடுத்தது 1/8. அகலம் இரு மடங்காகிறது, ஆனால் உயரம் கால் பங்காகிவிடுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 1. முன்பு வந்த அதே விடை.

ஆகவே சார்பு பூஜ்யத்துக்குப் போகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் கேள்வி. 1/x அந்த வேகத்தில் சற்றே பின்தங்கிவிடுகிறது. அதுவும் மிக மெதுவாகத்தான் விரிகிறது: பரப்பு 100 ஆக வேண்டுமானால் b = e^100 வரை போக வேண்டும், அது சுமார் 2.7 × 10^43. படத்தில் தெரியாததில் வியப்பில்லை.

p > 1-னா ஒருங்கும், p ≤ 1-னா விரியும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். அது எங்கிருந்து வருது?

p ≠ 1 என்று வைத்துக்கொண்டு 1/x^p-ஐ 1-இலிருந்து b வரை தொகையிடுங்கள்:

(b^(1−p) − 1)/(1 − p)

இதில் b இருக்கிற இடம் ஒன்றுதான், b^(1−p). p > 1 என்றால் அடுக்கு எதிர்ம எண், எனவே b^(1−p) பூஜ்யத்துக்குப் போகிறது, மிச்சம் 1/(p − 1). p < 1 என்றால் அடுக்கு மிகை எண், b^(1−p) எல்லையில்லாமல் வளர்கிறது. p = 1-க்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது, அங்கே ln b வரும் என்று மேலே பார்த்துவிட்டோம்.

1 என்கிற எல்லைக்கோடு எவ்வளவு கூர்மையானது என்பதைக் கவனியுங்கள். p = 1.01 என்றால் ஒருங்குகிறது, மதிப்பு 1/0.01 = 100. ஆனால் அதில் பாதியை, அதாவது 50-ஐ, எட்டவே b = 2^100 வரை போக வேண்டும், ஏறத்தாழ 1.27 × 10^30. p = 0.99 என்றால் விரிகிறது. கணினியில் படம் போட்டு இவை இரண்டையும் பிரித்தறியவே முடியாது, அடுக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று: கீழ் எல்லை 1-ஆக இருக்கிறதா 5-ஆக இருக்கிறதா 1000-ஆக இருக்கிறதா என்பது ஒருங்குமா என்ற முடிவை மாற்றாது (இடையில் சார்பு எங்கும் வெடிக்காதவரை). மதிப்பு மட்டும் மாறும். முடிவு தீர்மானமாவது வாலில், அதாவது x மிகப் பெரிதாகிற பகுதியில்தான்.

இதுக்கு நிஜத்துல ஏதாவது பயன் உண்டா? யார் முடிவிலி வரைக்கும் போறாங்க?

பூமியின் ஈர்ப்பிலிருந்து ஒரு பொருளை முழுவதுமாக விடுவிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்ற கணக்கு இதுதான். பூமியின் ஆரம் R = 6371 கி.மீ. தரைமட்டத்தில் 1 கிலோ பொருளின் மீது ஈர்ப்பு விசை g = 9.8 நியூட்டன், மையத்திலிருந்து r தூரத்தில் அது gR²/r² ஆகக் குறைகிறது. R-இலிருந்து b தூரம் வரை தூக்கிச் செல்லச் செய்ய வேண்டிய வேலை:

∫_R^b gR²/r² dr = gR²(1/R − 1/b)

b→∞ என்று விட்டால் gR. எண்களைப் போட்டால் 9.8 × 6,371,000, அதாவது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 6.24 கோடி ஜூல். இந்த ஆற்றலை மொத்தமாக ஆரம்ப வேகத்திலேயே கொடுத்துவிட வேண்டுமானால் v²/2 = gR, v = √(2gR), சுமார் 11.2 கி.மீ./விநாடி. பாடப்புத்தகத்தில் விடுபடு திசைவேகம் என்று படிப்பது இந்த எண்ணைத்தான் (காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல்).

இங்கே ∞ என்பது யாரும் போய்ச் சேருகிற இடமில்லை. b = 10R தூரத்திலேயே மொத்த வேலையில் 90 சதவீதம் முடிந்துவிடுகிறது, b = 100R-இல் 99 சதவீதம். "எவ்வளவு தூரம் போனாலும் இதற்கு மேல் தேவைப்படாது" என்கிற உச்சவரம்பைத்தான் எல்லை மதிப்பு தருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது: ஈர்ப்பு 1/r² ஆக இல்லாமல் 1/r ஆகக் குறைந்திருந்தால் வேலை gR·ln(b/R) என்று வந்திருக்கும், அதற்கு உச்சவரம்பே இல்லை. எந்த வேகத்தில் ஏவினாலும் கல் ஒரு நாள் திரும்பி விழுந்திருக்கும். p = 2, p = 1 என்ற வித்தியாசத்துக்கு இவ்வளவு பொருள் இருக்கிறது.

∫₂^∞ 2/(x²−1) dx கணக்குல பகுதி பின்னமாப் பிரிச்சேன். ரெண்டு துண்டுமே முடிவிலி. ∞ − ∞ = 0-ன்னு எழுதினேன், தப்புன்னுட்டாங்க. ஏன்?

விடை 0 ஆக வாய்ப்பே இல்லை என்பதை முதலில் பாருங்கள். 2-க்கு மேல் இந்தச் சார்பு எங்கும் மிகை எண்தான், அதன் பரப்பு எப்படிப் பூஜ்யமாகும்? விடை வந்ததும் இந்த மாதிரி ஒரு நொடி சரிபார்த்தால் பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும்.

பிரித்தது சரிதான்: 2/(x²−1) = 1/(x−1) − 1/(x+1). தவறு எங்கே என்றால், b-ஐ வைத்துக்கொள்ளாமல் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக ∞ வரை அனுப்பியதில். இரண்டும் தனியாக விரியும், ஏனென்றால் இரண்டுமே 1/x மாதிரி. விரிகிற இரண்டு தொகையீடுகளைக் கழிப்பதற்கு அர்த்தம் கிடையாது. மூலத் தொகையீட்டுக்கு மட்டும் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் அதன் வால் 2/x² மாதிரி.

b-ஐக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டு செய்வோம். தொகையிட்டால் ln(x−1) − ln(x+1). இதை உடனே ஒரே மடக்கையாகச் சேர்த்துவிடுங்கள்: ln((x−1)/(x+1)). 2-இலிருந்து b வரை:

ln((b−1)/(b+1)) − ln(1/3) = ln((b−1)/(b+1)) + ln 3

b வளரும்போது (b−1)/(b+1) என்பது 1-ஐ நெருங்குகிறது, ln 1 = 0. எனவே விடை ln 3, ஏறத்தாழ 1.0986. சரிபார்க்க b = 100 போட்டால் ln(99/101) சுமார் −0.02, மொத்தம் 1.0786, சரியான திசையில்தான் போகிறது.

மடக்கைகளைச் சேர்ப்பதற்கு முன் எல்லை எடுக்கக் கூடாது என்பதைத் தனி விதியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. b இருக்கிற எல்லாவற்றையும் ஒரே கோவையாகச் சுருக்கிவிட்டு அதன் பிறகு எல்லை எடுப்பது என்று வைத்துக்கொண்டால் போதும்.

x·e^(−2x) மாதிரி வந்தா? b·e^(−2b)-ல ஒண்ணு ∞, இன்னொண்ணு 0. இதை என்ன பண்றது?

0-இலிருந்து ∞ வரை செய்து பார்க்கலாம். பகுதித் தொகையிடலில் u = x, dv = e^(−2x) dx எடுத்தால்

∫₀^b x e^(−2x) dx = 1/4 − (b/2 + 1/4) e^(−2b)

சிக்கல் அந்த b·e^(−2b)-இல்தான். அதை b/e^(2b) என்று பின்னமாக எழுதுங்கள், ∞/∞ வடிவம் வந்துவிடும், இப்போது லோபிதாலின் விதியைப் போடலாம்: தொகுதியை வகையிட்டால் 1, பகுதியை வகையிட்டால் 2e^(2b), அந்த விகிதம் 0-க்குப் போகிறது. எனவே மதிப்பு 1/4.

x-க்குப் பதில் x², x^10 என்று எது இருந்தாலும் இதே கதைதான், விதியைக் கூடுதல் தடவை போட வேண்டியிருக்கும், அவ்வளவே. அடுக்குக்குறிச் சார்பு எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் மிஞ்சிவிடும். மேலே b = 10 போட்டாலே மிச்சமிருக்கும் பகுதி சுமார் 0.00000001. 1/x² வகை வால்களோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம்.

ஆனால் விடைத்தாளில் "∞ × 0 = 0" என்று எழுதாதீர்கள். b × (1/b) கூட அதே வடிவம்தான், அதன் எல்லை மதிப்பு 1.

தொகையிடவே முடியாத சார்பு வந்தா ஒருங்குதா இல்லையான்னு எப்படிச் சொல்றது?

மதிப்பு கிடைக்காவிட்டாலும் முடிவைச் சொல்லலாம். சார்பு மிகையாக இருக்கும்வரை, b கூடக் கூட பரப்பு ஏறத்தான் செய்யும், இறங்காது. ஏறிக்கொண்டே போகிற ஒன்றுக்கு மேலே ஒரு கூரை இருந்துவிட்டால் அது எங்காவது போய் நின்றே ஆக வேண்டும். அந்தக் கூரையை நமக்குத் தெரிந்த வேறொரு தொகையீட்டிலிருந்து வாங்குவதுதான் ஒப்பீட்டுச் சோதனை.

e^(−x²)-ஐப் பாருங்கள். இதன் தொகையீட்டை நமக்குப் பழக்கமான சார்புகளால் எழுத முடியாது. ஆனால் x ≥ 1 என்றால் x² ≥ x, எனவே e^(−x²) ≤ e^(−x). வலப்பக்கத்தின் பரப்பு 1-இலிருந்து ∞ வரை 1/e. ஆகவே இடப்பக்கமும் ஒருங்குகிறது, மதிப்பு 1/e-ஐத் தாண்டாது.

விரிகிறது என்று காட்ட வேண்டுமானால் கீழே தரை வேண்டும். (2 + sin x)/x எப்போதும் 1/x-ஐ விடச் சிறியதாகாது, ஏனென்றால் sin x குறைந்தபட்சம் −1. 1/x விரிகிறது, எனவே இதுவும் விரிகிறது.

மாணவர்கள் தடுமாறுவது திசையில்தான். விரிகிற ஒன்றை விடச் சிறியது என்றால் எதுவும் தெரியவராது. ஒருங்குகிற ஒன்றை விடப் பெரியது என்றாலும் எதுவும் தெரியவராது. உதாரணமாக ∫₂^∞ dx/√(x³−1). பார்த்ததும் "இது 1/x^(3/2) மாதிரி, p = 1.5, ஒருங்கும்" என்று தோன்றும், தோன்றியதும் சரிதான். ஆனால் பகுதியில் 1-ஐக் கழித்திருப்பதால் இந்தச் சார்பு 1/x^(3/2)-ஐ விடப் பெரியது. நேரடியாக ஒப்பிட்டால் தவறான பக்கத்தில் நிற்கிறோம்.

வெளியே வர இரண்டு வழி. ஒன்று, கொஞ்சம் தளர்த்திக்கொள்வது: x ≥ 2 என்றால் x³ − 1 ≥ x³/2, எனவே சார்பு √2/x^(3/2)-ஐ மிஞ்சாது. ∫₂^∞ dx/x^(3/2) = √2, ஆகவே நம் தொகையீடு 2-ஐத் தாண்டாது. அது √2-ஐ விடக் குறையாது என்பதும் ஏற்கெனவே தெரியும். ஆக விடை 1.414-க்கும் 2-க்கும் இடையில், தொகையிடாமலேயே இவ்வளவு தெரிந்துவிட்டது. இரண்டாவது வழி, இரண்டு சார்புகளின் விகிதத்துக்கு எல்லை எடுப்பது: √(x³/(x³−1)) → 1. இப்படி 0-உம் ∞-உம் இல்லாத ஓர் எண் வந்தால், மிகையான இரண்டு சார்புகளும் ஒன்றாக ஒருங்கும் அல்லது ஒன்றாக விரியும். தேர்வில் நேரம் இல்லாதபோது இரண்டாவது வழி வேகமானது, ஆனால் விடை எந்த அளவில் இருக்கும் என்று சொல்வது முதல் வழிதான்.

−∞-லேர்ந்து ∞ வரைக்கும் x/(1+x²). ஒற்றைச் சார்பு, ரெண்டு பக்கமும் சமமா அடிபட்டுடும், விடை 0. சரிதானே?

இல்லை, இது விரிகிறது. இரண்டு பக்கமும் ∞ இருந்தால் நடுவில் ஓரிடத்தில் வெட்டி, இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக ஒருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று விரிந்தாலும் மொத்தமும் விரிகிறது. 0-இலிருந்து b வரை தொகையிட்டால் ½ ln(1+b²), இது எல்லையில்லாமல் வளர்கிறது. கதை முடிந்தது.

"ஆனால் −b-இலிருந்து b வரை போட்டால் 0 வருகிறதே" என்று கேட்பீர்கள். வருகிறது. −b-இலிருந்து 2b வரை போட்டுப் பாருங்கள்: ½ ln((1+4b²)/(1+b²)), b வளரும்போது இது ½ ln 4 = ln 2. இரண்டு முனைகளையும் எந்த வேகத்தில் நகர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து 0-உம் வருகிறது, ln 2-உம் வருகிறது, விரும்பினால் வேறு எந்த எண்ணையும் வரவைக்கலாம். இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகிற ஒன்றை மதிப்பு என்று சொல்ல முடியாது. சமச்சீராக எடுத்து வருகிற அந்த 0-க்கு கோஷியின் முதன்மை மதிப்பு என்று தனிப் பெயர் உண்டு, அது வேறு கருத்து, தொகையீட்டின் மதிப்பு அல்ல.

இது வெறும் வாதம் இல்லை. புள்ளியியலில் கோஷிப் பரவல் என்று ஒன்று உண்டு, அதன் அடர்த்திச் சார்பு 1/(π(1+x²)). மொத்தப் பரப்பு சரியாக 1, மையம் 0-இல், இரு பக்கமும் சமச்சீர். ஆனால் அதன் சராசரியைக் கணக்கிடப் போனால் மேலே உள்ள தொகையீடுதான் வரும், எனவே அந்தப் பரவலுக்குச் சராசரியே கிடையாது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் எண்களை எடுத்துச் சராசரி பார்த்தாலும் அது 0-இல் நிலைபெறாது, அவ்வப்போது ஒரு பிரம்மாண்டமான எண் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

ஒற்றைச் சார்பு என்ற வாதத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று அர்த்தமில்லை. x·e^(−x²)-க்கு இரு பக்கமும் தனித்தனியாக ஒருங்கும் என்று காட்டிவிட்டால், அதன் பிறகு 0 என்று தாராளமாக எழுதலாம்.

cos x-ஐ 0-லேர்ந்து ∞ வரை போட்டா sin b வருது. அது முடிவிலிக்குப் போகலையே, அப்புறம் ஏன் விரியுதுங்கறாங்க?

விரிதல் என்றால் முடிவிலிக்குப் போவது என்று மட்டும் பொருளில்லை. எல்லை மதிப்பு இல்லாவிட்டாலே விரிதல்தான். sin b என்பது −1-க்கும் 1-க்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது, எந்த எண்ணிலும் நிலைகொள்ளவில்லை, அதனால் மதிப்பு இல்லை.

ஊசலாட்டம் இருந்தாலே விரியும் என்று அடுத்த முனைக்குப் போய்விடவும் வேண்டாம். (sin x)/x-ஐ 1-இலிருந்து பார்ப்போம். பகுதித் தொகையிடல் செய்தால்

∫₁^b (sin x)/x dx = cos 1 − (cos b)/b − ∫₁^b (cos x)/x² dx

நடு உறுப்பு 0-க்குப் போகிறது. கடைசித் தொகையீட்டில் உள்ள சார்பின் மட்டு மதிப்பு 1/x²-ஐ மிஞ்சாது, எனவே அது ஒருங்குகிறது. ஆகவே முழுவதும் ஒருங்குகிறது. 0-இலிருந்து எடுத்தால் மதிப்பு π/2 என்பது புகழ்பெற்ற முடிவு. ஆனால் |sin x|/x எடுத்தால் விரிகிறது, ஏனென்றால் nπ-இலிருந்து (n+1)π வரையான ஒவ்வொரு மேடும் குறைந்தது 2/((n+1)π) பரப்பைக் கொடுக்கிறது, அவற்றைக் கூட்டினால் 1 + 1/2 + 1/3 + … வகைத் தொடர். மேலும் கீழுமாக அடிபடுவதால்தான் மூலச் சார்பு ஒருங்குகிறது.

கால்குலேட்டர்ல b-க்குப் பெரிய எண் போட்டுப் பார்த்தா, எண் நகராம நின்னுடுச்சுன்னா ஒருங்குதுன்னு வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ள முடியாது. 2-இலிருந்து 1/(x ln x) எடுத்துக்கொள்ளுங்கள். u = ln x என்று பிரதியிட்டால் b வரையான பரப்பு ln(ln b) − ln(ln 2). b பத்து லட்சம் ஆகும்போது இது ஏறத்தாழ 2.99. b = 10^12 ஆகும்போது 3.69. b = 10^100 வரை போனாலும் 5.81-தான். எந்தக் கணினியில் பார்த்தாலும் நின்றுவிட்டது போலவே தெரியும், ஆனால் b-ஐ வர்க்கப்படுத்தும் ஒவ்வொரு முறையும் பரப்பில் சரியாக ln 2 கூடுகிறது, எனவே விரிகிறது.

பகுதியில் ln x-ஐ வர்க்கப்படுத்தி 1/(x (ln x)²) ஆக்கினால் ஒருங்குகிறது, மதிப்பு 1/ln 2, ஏறத்தாழ 1.4427. ஆனால் பத்து லட்சத்தில் நின்று பார்த்தால் 1.3703 தான் தெரியும், அதாவது முதல் தசம இடமே இன்னும் சரியாகவில்லை. எண்களைப் போட்டுப் பார்ப்பது, கையால் கண்டுபிடித்த விடையைச் சரிபார்க்க நல்ல வழி. முடிவைச் சொல்லும் வேலையை அதனிடம் விட முடியாது.

p-விதிப்படி 1/x² ஒருங்கணும். ஆனா ∫₀^∞ dx/x² விரியுதுன்னு விடை போட்டிருக்கு. விதி பொய்யா?

கீழ் எல்லையைப் பாருங்கள், 0. அங்கே சார்பு வெடிக்கிறது. p-விதி 1 போன்ற மிகை எண்ணிலிருந்து தொடங்கும் தொகையீட்டுக்குத்தான். இந்தக் கணக்கில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, ஒன்று ∞-இல், மற்றொன்று 0-இல். எனவே நடுவில், வசதிக்கு 1-இல், வெட்டி இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். 1-இலிருந்து ∞ வரை ஒருங்குகிறது. 0-இன் பக்கம் a-இலிருந்து 1 வரை போட்டால் 1/a − 1, a பூஜ்யத்தை நெருங்கும்போது இது எல்லையில்லாமல் வளர்கிறது. ஒரு துண்டு விரிந்தால் போதும்.

0-இன் பக்கம் விதி தலைகீழாகிறது: அங்கே p < 1 என்றால்தான் ஒருங்கும். இரண்டு நிபந்தனைகளும் ஒரே p-க்குப் பொருந்தாது, எனவே 0-இலிருந்து ∞ வரை 1/x^p எந்த p-க்கும் ஒருங்காது. இரண்டு முனைகளிலும் ஒருங்க வேண்டுமானால் சார்பு ஒவ்வொரு முனையிலும் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அதற்கு அழகான உதாரணம் 1/(√x (1+x)). 0-க்கு அருகே இது 1/√x மாதிரி, p = ½, சரி. தொலைவில் 1/x^(3/2) மாதிரி, p = 1.5, அதுவும் சரி. u = √x என்று பிரதியிட்டால் dx = 2u du, சார்பு 2/(1+u²) ஆகிறது. 0-இலிருந்து 1 வரை π/2, 1-இலிருந்து b வரை 2 tan⁻¹(√b) − π/2, இதன் எல்லை மதிப்பு π/2. மொத்தம் π.

எனவே கணக்கைத் தொடங்கும் முன், மேல் எல்லையில் உள்ள ∞-ஐ மட்டும் பார்க்காமல், இடைவெளி முழுவதிலும் பகுதி எங்காவது பூஜ்யமாகிறதா என்று தேடுங்கள். முனையில் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். ∫₀^∞ dx/(x−3)² போல நடுவில் ஒளிந்திருந்தால் தவறவிடுவது எளிது: நேராகத் தொகையிட்டு எல்லைகளைப் போட்டால் −1/3 வரும், எங்கும் மிகையாக இருக்கும் சார்புக்கு எதிர்மப் பரப்பு. உண்மையில் அது x = 3-இல் இரு பக்கமும் விரிகிறது.